பருந்தும் மருந்தும்

நுழையும்முன்

பேசும்போது நாக்குப் பிறழ்ந்தால் கேட்பவர் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார். கைப்பேசியில் விரல் பிறழ்ந்தால் மட்டும் அது படம் பிடிக்கப்பட்டுப் பலருக்கும் போய்ச் சேர்கிறது. கண் மங்கிய ஒருவர் சிறு திரையில் எழுதி அனுப்பும் செய்தியை எப்படிப் படிப்பது, எங்கே ஊகிப்பது, எங்கே கேட்பது என்பதைப் பற்றிய கருத்துரை இது.

வெம்பக்கோட்டை என்றால் வெளியூரார்க்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, சுற்றியுள்ள பட்டாசு ஆலைகள். மற்றொன்று, வைப்பாற்றங்கரையில் 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு. எனக்கு அவ்வூர் என்றதும் ஒரு மூதாட்டியின் கைப்பேசிதான் நினைவுக்கு வருகிறது. அப்பகுதிப் பள்ளியொன்றில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தவர் அவர். இளமையில் பள்ளிக்குச் சென்றதில்லை. பகலெல்லாம் சரவெடி பின்னிய கையோடு, 1990களில் தமிழகமெங்கும் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் அமர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டவர். அவரை ஆச்சி என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

ஆச்சிக்குக் குளுக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய் உண்டு. நாள்தோறும் இரவில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாக வேண்டும். திறந்த குப்பி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். மருந்தை நிறுத்தினால் வலி உடனே தோன்றுவதில்லை. ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் மீண்டும் ஏறும். அதனால் இழக்கும் பார்வை திரும்பி வராது. மருந்துக்கான பணத்தைத் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் பேரன் மாதந்தோறும் அனுப்பி வந்தான். அவன்தான் ஆச்சிக்கு ஒரு கைப்பேசி வாங்கித் தந்து, அதில் தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்திருந்தான்.

ஒரு நாள் ஆச்சி அவனுக்கு இப்படி எழுதினார்:

பருந்து திர்ந்த்து ராச

பேரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீயவன் அல்லன்; அப்பத்தாவிடம் உயிரையே வைத்திருப்பவன். அந்தச் செய்தியைப் படம் பிடித்து, கீழே சிறகு விரித்த ஒரு பருந்தின் படத்தையும் ஒட்டிக் குடும்பக் குழுவில் போட்டான். அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் அனைவரும் சிரித்தார்கள். ஆச்சியும் சிரித்ததாகத்தான் சொன்னார்கள். பணமும் அன்றே வந்துவிட்டது.

அந்த ஒரு வரியைச் சற்று நின்று பார்ப்போம். அதில் நான்கு பிழைகள் உள்ளன. ‘மருந்து தீர்ந்தது ராசா’ என்பதே அவர் எழுத நினைத்தது. இந்த நான்கில் ஒன்றுகூட அறியாமையால் வந்ததன்று என்பதை விசைப்பலகையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

முதலில் மருந்து எப்படிப் பருந்தாயிற்று? தமிழ்99 விசைப்பலகையின் நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய என்னும் எழுத்துகள் இந்த முறையிலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. ‘ம’வைத் தொடப்போன விரல் ஒரு விசை இடப்பக்கம் நகர்ந்தால் ‘ப’ விழும். ஒலியில் ஒன்றுக்கொன்று நெருங்கிய எழுத்துகளாதலால் நேர்ந்த குழப்பமன்று இது. இடத்தில் நெருங்கியிருந்ததால் நேர்ந்த வழுக்கல்.

அடுத்து, ‘தீ’ ஏன் ‘தி’ ஆனது? ‘ராசா’ ஏன் ‘ராச’ ஆனது? இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. இவ்விசைப்பலகையில் ஆ, ஈ, ஊ ஆகிய நெடில்கள் மேல்வரிசையில் உள்ளன. அவற்றுக்கு நேர் கீழே அ, இ, உ ஆகிய குறில்கள் உள்ளன. நாம் நகநுனியால் தொடுவதாக எண்ணிக்கொள்கிறோம். திரையோ விரலின் சதைப்பகுதி படும் பரப்பின் நடுப்புள்ளியையே தொட்ட இடமாகக் கணக்கிடுகிறது. அந்த நடுப்புள்ளி நாம் எண்ணிய இடத்துக்குச் சற்றுக் கீழே அமைவது வழக்கம். ஆகவே மேல்வரிசையை நோக்கிய விரல் நடுவரிசையில் விழ, நெடில் குறிலாகச் சுருங்கிவிடுகிறது. ‘வா’ என்பது ‘வ’ ஆகும். ‘நீ’ என்பது ‘நி’ ஆகும். ‘ஊர்’ என்பது ‘உர்’ ஆகும். குறில் நெடில் வேறுபாடு தெரியாதவர் எழுதியதுபோல் அது தோன்றும். ஆனால் ‘ராசா’வின் முதலெழுத்தில் நெடிலைச் சரியாக இட்டவர்க்கு இரண்டாம் எழுத்தில் மட்டும் அது தெரியாமல் போகுமா?

நான்காவது பிழையான ‘ந்த்து’ என்பதற்கு விரல்கூடப் பொறுப்பில்லை. தட்டச்சு எளிதாக வேண்டும் என்பதற்காகத் தமிழ்99 ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துவிடும். ‘பத்து’ என்று எழுதுவதற்கு இது மிகவும் வசதியானது. ஆனால் ‘வந்தது’, ‘தீர்ந்தது’ போன்ற சொற்களில் இரண்டு தகரங்களுக்கும் நடுவே ‘அ’ விசையை ஒருமுறை தட்டிப் பிரித்தாக வேண்டும். அதை விட்டுவிட்டால் ‘வந்த்து’ என்றே வரும். கணினியில் நன்கு பழகியவர்களின் எழுத்திலும் இந்த ‘வந்த்து’ பல ஆண்டுகளாக உலவுகிறது. இந்தப் பாடத்தின் முதற்படியை நான் தட்டச்சு செய்தபோது மூன்று இடங்களில் எனக்கும் அது வந்தது.

தெரிந்து தெளிவோம்

1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி வரையறுக்கப்பட்டு, தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது தமிழ்99 விசைப்பலகை. உயிர் பன்னிரண்டு, அகரமேறிய மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று என 31 விசைகளைக் கொண்டு தமிழின் 247 எழுத்துகளையும் எழுத இயலும். உயிர்கள் பெரும்பாலும் இடப்பக்கத்திலும் மெய்கள் வலப்பக்கத்திலும் அமைந்துள்ளன.

இனி, விரல் ஏன் நகர்கிறது என்பதைப் பார்ப்போம். தமிழ்99இன் மேல்வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள் உள்ளன. கணினியின் அகலமான பலகையில் அவை தாராளமாக அமர்ந்திருக்கும். ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசித் திரையில் அதே பன்னிரண்டை அடுக்கினால் ஒரு விசைக்கு ஆறு மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. விரலால் பிழையின்றித் தொடுவதற்கு ஒரு பொத்தான் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டுக்கான வடிவமைப்பு நெறிகளில் கூறப்படும் அளவு. ஆக, விரலின் அகலத்தைவிடக் குறுகிய விசைகளைத்தான் நாம் அனைவரும் தட்டிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்குப் பிழை குறைவாக வருவதற்குக் காரணம் உங்கள் விரல் மெலிந்தது என்பதன்று. தவறான எழுத்து விழுந்த கணமே உங்கள் கண் அதைக் கண்டு, விரல் அதை அழித்துவிடுகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அழிக்கிறீர்கள் என்பதை நீங்களே ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

ஆச்சிக்கு இல்லாமற்போனது அந்தக் கண்தான். நாற்பது வயதைக் கடந்த ஏறத்தாழ எல்லார்க்கும் வெள்ளெழுத்து வந்துசேர்கிறது. சாளேசுவரம் என்றும் இதனைச் சொல்வர். கண்ணின் வில்லை இறுகி, அருகிலுள்ளதைக் காண்பதற்கு வேண்டிய அளவு வளைய மறுத்துவிடுகிறது. இருபது வயதில் பத்து சென்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஐம்பது வயதில் அத்தெளிவு ஏறத்தாழ அரை மீட்டருக்கு அப்பால்தான் கிடைக்கும். எனவே முதியவர் கைப்பேசியைத் தள்ளிப் பிடிக்கிறார். முப்பது சென்டிமீட்டரில் பிடித்ததை அறுபதுக்குத் தள்ளினால் எழுத்து தெளியும். ஆனால் கண்ணுக்கு அது பாதியளவாகச் சிறுத்துவிடும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நட்டந்தான். இத்துடன் கண்புரையும் சேர்ந்தால் திரையின் ஒளியே கூசும்.

தமிழெழுத்துக்கு இதில் தனியானதொரு துன்பம் உண்டு. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். ‘ர’வும் காலும் மங்கலில் ஒன்றுபோலவே தோன்றும். புள்ளியோ எல்லாவற்றுக்கும் முன்பாக மறைந்துவிடும். ஆகவே தாம் எழுதியதில் பிழை இருக்கிறதா என்பதை அனுப்புமுன் சரிபார்க்க அம்முதியவரால் இயலுவதில்லை. பருந்தா மருந்தா என்பது அவர் கண்ணுக்கு ஒரே நிழல்.

ஆச்சியின் விரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடுதிரை, தோல் மின்னூட்டத்தைக் கடத்துவதை வைத்தே தொடுதலை உணர்கிறது. காகிதமும் திரியும் பசையுமாகப் பல்லாண்டு உழைத்துக் காய்த்துப்போன விரல்நுனியின் தொடுதலைத் திரை சில வேளைகளில் உணர்வதே இல்லை. அப்போது அவர் அழுத்திப் பார்க்கிறார். அழுத்த அழுத்தச் சதை பரந்து பக்கத்து விசையையும் தொட்டுவிடுகிறது. வெம்பக்கோட்டைப் பகுதியில் இத்தகைய விரல்களைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு வரும் எழுத்தைப் படிப்பது நம் மொழிக்குப் புதிய வேலையன்று. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் வேறுபடுத்தாமல் எழுதுவார்கள். காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவந்தான். இன்று நாம் காணும் இரட்டைச் சுழிக்கொம்பு வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தத்தின் பயன். அதற்குமுன் ‘செய்’ என்றிருந்தால் அது செய்தலா சேயா என்பதை முன்பின் சொற்களைக் கொண்டு படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டிலும் புறநானூற்றை 1894ஆம் ஆண்டிலும் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் ஏடு படிப்பதில் தாம் பட்ட இடர்களைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாகவே எழுதியிருக்கிறார். புள்ளி மறைந்த, நெடில் குறிலாகிப்போன ஆச்சியின் வரி அவரிடம் சென்றிருந்தால் அவர் வியந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

பதிப்பாசிரியர்களின் பழக்கமொன்று இங்கு நமக்குப் பயன்படும். ஒரு சொல் பிழைபட்டுக் கிடந்து, இடத்துக்குப் பொருந்தும் சொல் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதைத் துணிந்து கொள்வார்கள். பொருந்தும் சொல் இரண்டு என்றால் ஒன்றை மேலே இட்டு, மற்றதைப் பாடவேறுபாடாகக் கீழே காட்டுவார்கள். முடிவைத் தாமே விழுங்கிவிடமாட்டார்கள். ‘பருந்து தீர்ந்தது’ முதல்வகை. பருந்து தீரும் பொருளன்று. அதை மருந்து என்று கொள்வதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிரிப்பை வரவழைக்கும் பிழைகள் பெரும்பாலும் இவ்வகையே. பொருந்தாமையே சிரிப்புக்குக் காரணம். அந்தப் பொருந்தாமையே சரியான சொல்லையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆகவே அவை தீங்கற்றவை.

தீங்கு செய்வது சிரிப்பு வராத பிழை. அதுதான் அடுத்த மாதம் நேர்ந்தது.

ஆச்சி பேரனுக்கு எழுதியது இரண்டே சொற்கள்: ‘படம் அனுப்பு’.

இதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பொருளும் பொருந்துகிறது. அப்பத்தா தன் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று பேரன் மகிழ்ந்துபோனான். வேலையிடத்தில் எடுத்தது, நண்பர்களோடு எடுத்தது என ஆறேழு படங்களை அனுப்பினான். ஆச்சி எழுத நினைத்தது ‘பணம் அனுப்பு’. தமிழ்99இன் மேல்வரிசையில் ‘ட’வும் ‘ண’வும் அடுத்தடுத்த விசைகள்.

படங்கள் வந்தன, பணம் வரவில்லை. ஆச்சி மறுபடியும் எழுதவில்லை. மருமகளிடம் சொல்லவும் இல்லை. அந்தப் பெண் பட்டாசு ஆலைக்குக் காலையில் சென்றால் மாலையில்தான் வருவாள். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக இடமில்லை. வந்தபின் அன்றைய செய்திகளையெல்லாம் மொத்தமாகப் பார்ப்பாள். பேரன் அனுப்பிய படங்களைக் கண்டு அவளும் மகிழ்ந்தாள். குப்பி காலியாகிப் பன்னிரண்டு நாள் கழிந்தபின், வேறொரு பேச்சுக்கிடையில் எனக்கு இது தெரிய வந்தது.

“ஏன் ஆச்சி, திரும்ப ஒருவாட்டி எழுதியிருக்கலாமே?” என்றேன்.

“எழுதலாந்தான் சார். பெறகு அதயும் படம் புடிச்சுப் போடுவாக. பாவம், புள்ளைக சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்” என்றார்.

அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. தாம் எழுதியது ‘படம்’ என்றே வந்துவிட்டது என்பதை, படங்கள் வந்து சேர்ந்ததைக் கொண்டு அவர் ஊகித்துவிட்டார். அதைத் திருத்துவதற்கு ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லிலும் விரல் பிறழ்ந்துவிடுமோ என்னும் அச்சம் அவரைத் தடுத்துவிட்டது. மருந்தைப் பருந்தாக்கிய விரலைக் காட்டிலும் பருந்துக்குச் சிறகு ஒட்டிய விரலே இந்தப் பன்னிரண்டு நாள்களுக்குப் பொறுப்பு என்பது என் கருத்து. சிரித்தவர்கள் அதே மாதம் பணம் அனுப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் கேலியின் விலை மறுமாதக் கணக்கில் வந்தது.

பேரன் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்று கேட்கலாம். எழுத்தைப் பார்த்து முடியாது. ஆளைப் பார்த்து முடியும். சென்ற மாதம் மருந்து தீர்ந்ததாக எழுதிய நாளிலிருந்து ஏறத்தாழ முப்பது நாள் கழிந்திருந்தது. இதற்கு முன் அப்பத்தா ஒருமுறைகூடப் படம் கேட்டதில்லை. கண் தெரியாதவர் கேட்பதும் அரிது. ஆக, ‘படம்’ என்னும் பாடமும் ‘பணம்’ என்னும் பாடமும் அந்த இடத்தில் பொருந்தி நின்றன. இரண்டு பாடம் பொருந்தும் இடத்தில் தானே முடிவு செய்துவிட்டதுதான் அவன் செய்த பிழை.

சரி, கேட்பது எப்படி? ‘படமா பணமா? சரியாக எழுதுங்கள்’ என்று கேட்டால் விடை கிடைக்கலாம். ஆனால் அது மற்றொரு சிறகு. உரையாடலை நுணுகி ஆராய்ந்த கெயில் ஜெஃபர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1987ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்றில் திருத்தத்தை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பேச்சை நிறுத்திப் பிழையைச் சுட்டித் திருத்துவது. அங்கே திருத்தமே பேச்சுப்பொருளாகிவிடும். பிழை செய்தவர் விளக்கம் சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ நேரும். மற்றொன்று, பேச்சை நிறுத்தாமல் தம் அடுத்த தொடரில் சரியான சொல்லை இயல்பாக வைத்துப் பேசிச் செல்வது. திருத்தம் நடந்துவிடும், நடந்ததாக ஒருவரும் சொல்ல வேண்டியிருக்காது. இலக்கணத்தில் உள்ளுறை உவமம் படித்திருப்பீர்கள். இதனை உள்ளுறைத் திருத்தம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

பருந்துச் செய்திக்கு உள்ளுறைத் திருத்தம் இப்படி அமையும்: ‘சரி அப்பத்தா, மருந்துக்குச் சாயந்திரம் பணம் அனுப்புறேன்.’ அவர் எழுத நினைத்த சொல் அவருக்கே சரியான வடிவில் திரும்பிவிட்டது. நாம் புரிந்துகொண்டது தவறென்றால் அவர் மறுத்துவிடுவார். படச் செய்திக்கு இன்னும் சற்று விரிவு வேண்டும்: ‘படம் இப்பவே அனுப்புறேன் அப்பத்தா. போன மாசம் மாதிரி மருந்துக்குப் பணமும் சேத்து அனுப்பட்டுமா?’ இதில் இரண்டு பாடமும் உள்ளன. எது பிழை என்று சுட்டப்படவில்லை. ஆம் என்னும் ஒரு சொல்லே விடையாகப் போதும். விரல் பிறழ்வதற்கான வாய்ப்பும் அவ்வளவுக்குக் குறைவு. இன்றைய செய்திகளில் ஒரு நட்சத்திரக் குறியிட்டுச் சரியான சொல்லை மட்டும் எழுதி அனுப்பும் வழக்கம் உங்களுக்குள் இருக்கிறது. ஒத்த வயதினரிடையே அது விளையாட்டு. அறுபது வயதில் தன் கையால் எழுதி அனுப்புவதைப் பெருமையாகக் கருதும் ஒருவருக்கு அது விடைத்தாளின் சிவப்பு மை. சிவப்பு மையை முப்பதாண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்பதால் இதைச் சொல்கிறேன். வகுப்பறையில் நீங்கள் எழுதும் கட்டுரையில் லகர ளகரப் பிழையைச் சுட்டாமல் விட்டால் அது என் கடமைத் தவறு. கற்பதற்காகவே அதை எழுதுகிறீர்கள். ஆச்சி கற்பதற்காக எழுதவில்லை, மருந்துக்காக எழுதினார்.

லகர ளகரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்99இல் ல, ள, ழ மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டவே இருக்கின்றன. எனவே ‘வேளை’, ‘வேலை’ என மாறி வந்தால் அது விரல் வழுக்கலன்று. எழுதுபவர் அப்படித்தான் எழுதக் கற்றிருக்கிறார் என்று கொள்ளலாம். இவ்வாறு வழுக்கலையும் வழக்கத்தையும் பிரித்தறிவது படிப்பவர்க்குப் பயன்படும். ஒருவர் எப்போதும் ‘பனம்’ என்றே எழுதுபவரென்றால் அதைப் பணமென்று தயங்காமல் படிக்கலாம். ஒருநாள் மட்டும் வேறாக வந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதுபவரென்றாலும், வேறு விசைப்பலகையில் எழுதுபவரென்றாலும் அண்டை விசைகள் மாறுமே தவிர இம்முறை மாறாது. சொல்லை ஊகித்துத் தானே மாற்றிவிடும் வசதியில்தான் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். அது அரைகுறைச் சொல்லை விட்டுவைக்காமல் முழுமையான வேறொரு சொல்லாக்கிவிடும். அதாவது, பருந்தைப்போன்ற தீங்கற்ற பிழைகளைப் படத்தைப்போன்ற தீங்குள்ள பிழைகளாக மாற்றிவிடும்.

ஊகம் அறவே செல்லாத இடமும் உண்டு, அது எண். சொல்லில் ஓரெழுத்து மாறினால் மற்ற எழுத்துகள் துணைநிற்கும். 500 என்பது 5000 ஆனால் துணைநிற்க எதுவும் இல்லை. பேருந்து நேரம், மாத்திரையின் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எவ்வளவு நெருங்கியவர் எழுதினாலும் ஊகிக்கக்கூடாது. ‘ஐந்நூறு ரூபாய்தானே?’ என்று எழுத்தால் திருப்பிச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. கடைக்காரர் நாள்தோறும் செய்வதுதான்.

‘எழுத்தே வேண்டாம், குரலில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள்’ என்று என் மாணவர் ஒருவர் சொன்னார். நல்ல வழிதான், பலர்க்கு அதுவே போதும். ஆனால் ஆச்சியிடம் நான் அதைச் சொல்லவில்லை. முப்பது வயதுக்குமேல் அரிக்கேன் விளக்கொளியில் கற்ற எழுத்தைக் கீழே வைத்துவிடச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மாறாக, அவர் இசைவோடு மூன்று வேலைகள் செய்தோம். திரையின் எழுத்தளவைப் பெரிதாக்கினோம். படிப்பதற்கான கண்ணாடியைக் கண் மருத்துவரிடம் சோதித்து மாற்றிக்கொண்டார். கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பி வைத்துத் தட்டப் பழகினார். நெடுக்கில் ஆறு மில்லிமீட்டர்கூட இல்லாத விசை, பதினைந்து சென்டிமீட்டர் நீளத்தில் விரியும்போது ஏறத்தாழ இருமடங்காகிறது. பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை.

பேரனிடமும் பேசினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். பிறகு அந்தப் பருந்துப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டதாகத் தெரிவித்தான். ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன், கேட்டால் அவர் பருந்தை மறுபடியும் நினைக்க வேண்டிவரும்.

அடுத்த மாதம் ஆச்சி எழுதுவதற்கு முன்பே அவனிடமிருந்து செய்தி வந்தது: ‘அப்பத்தா, மருந்து தீர்ற நேரமாச்சே, ஐந்நூறு ரூபா அனுப்பட்டுமா?’ ஆச்சி திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து, நெடுநேரம் தட்டி விடையெழுதினார். அருகிலிருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

‘சலி ராச’ என்று இருந்தது.

ரகரமும் லகரமும் அந்தப் பலகையில் அண்டை விசைகள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் பணம் வந்துசேர்ந்ததற்கான ஒலி கேட்டது.